பச்சைக் குறி எந்த நாளுக்கு உரியது?

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை எண்ணித் தள்ளிப்போட்டிருக்கிறேன். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டுக் கணினிவழி உருபனியல் பக்கம் வந்தவள் நான். நிரல் எழுதுவதைக் கைவேலையாகப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முறையாகச் சொல்லித் தந்தவர் எவருமில்லை. என்னைப் போலவே மொழித்துறைகளிலிருந்து வந்து, கிட்ஹப்பில் நான்கைந்து பேராகச் சேர்ந்து நிரல் வைத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். சற்று நீளம்; பொறுத்துக்கொள்க.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மூன்றாம் வேற்றுமையைப் பற்றியது. 'நண்பனோடு வந்தான்' என்பதும் 'நண்பனுடன் வந்தான்' என்பதும் இன்றைய எழுத்துத் தமிழில் அருகருகே வழங்குகின்றன. முன்னதில் வருவது ஓடு என்னும் உருபு; பின்னதில் வருவது உடன் என்னும் சொல்லுருபு. செய்தி உரைநடையில் உடன் என்பது ஓடு என்பதன் இடத்தை மெல்ல எடுத்துக்கொள்கிறது என்பது என் கருதுகோள். இதைச் சோதிக்க ஒரு தரவகத்தில் இரு வடிவங்களையும் எண்ண வேண்டும். எண்ணும் வேலைக்கு எங்கள் ஆய்வகத்தின் பொது நிரல் களஞ்சியத்தையே பயன்படுத்தினேன். தமிழ், மலையாளம், வங்காளம், இந்தி ஆகியவற்றில் வேலை செய்யும் நான்கு பேர் அதில் எழுதுகிறோம்.

அந்தக் களஞ்சியத்தின் அடித்தளத்தில் ஒரு சிறு சார்பு இருந்தது. எந்தச் சொல்லை எடுத்தாலும் முதலில் அதன் வழியாகச் செலுத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

```python
def clean(s):
    return unicodedata.normalize("NFC", s.strip())
```

யூனிகோடில் தமிழ் ஓகாரக் குறியை இருவகையாக எழுதலாம் என்பதால் இது தேவைப்பட்டது. 'னோ' என்பதிலுள்ள குறி `U+0BCB` என்னும் ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம். ஏகாரக் குறி, ஆகாரக் குறி என்று `U+0BC7`, `U+0BBE` ஆகிய இரண்டின் தொடராகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. `NFC` என்னும் நெறிப்படுத்தல் இரண்டையும் ஒற்றைக் குறியீடாகச் சேர்த்துவிடும். `NFD` இரண்டாகப் பிரித்துவிடும். எதைத் தேர்ந்தாலும் எல்லாரும் ஒன்றையே தேர்ந்தால் போதும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை நான் தனிக் கிளை ஒன்றில் புதிய கோப்பை எழுதி முடித்தேன். அதன் சாரம் இவ்வளவே:

```python
ODU = "\u0bcb\u0b9f\u0bc1"

def has_odu(word):
    return clean(word).endswith(ODU)

def test_odu():
    assert has_odu("நண்பனோடு")
```

ஓகாரக் குறி, ட, உகரக் குறி என்ற மூன்று குறியீடுகளில் சொல் முடிகிறதா என்று பார்க்கிறது. உடன் என்பதற்கும் இதே போல ஒன்று. எண்ணுக்கும் சிறுகோட்டுக்கும் பின்னால் தனி உயிரெழுத்தாக வரும் 'ஓடு' வடிவத்துக்கு மட்டும் வேறொரு விதி வைத்தேன். புல் ரிக்வெஸ்ட் திறந்தேன், சோதனைகள் ஓடின, பச்சைக் குறி விழுந்தது. நெறியாளர் பார்த்து ஒப்புதல் தருவதற்குத் திங்கட்கிழமை ஆயிற்று.

இடையில் சனிக்கிழமை, எங்கள் மலையாளத் தோழர் தம்முடைய புல் ரிக்வெஸ்டை `main` கிளையில் இணைத்தார். அச்சுப் பக்கங்களை எழுத்துணரி வழியாகப் படித்து, பிழைகளை வடிவம் வடிவமாக ஒப்பிடுவது அவர் வேலை. எழுத்துணரிக்கு ஒகாரம் என்று ஒன்று தெரியாது. இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால் என்றுதான் அது காணும். ஆகவே பிரித்த வடிவமே அவருக்கு ஏற்றது. `clean` சார்பில் `NFC` என்றிருந்ததை `NFD` என்று மாற்றினார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். களஞ்சியம் முழுவதும் தேடி, `clean` அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து, தேவையான இடங்களைத் திருத்தினார். அவருடைய சோதனைகளும் பச்சை. ஆனால் அவர் தேடிய களஞ்சியத்தில் என் கோப்பு இல்லை. அது அப்போது என் கிளையில் மட்டுமே இருந்தது.

திங்கட்கிழமை நான் இணைக்கும் பக்கத்தைத் திறந்தேன். எனக்குச் சற்றே தயக்கம் இருந்தது. மூன்று நாள் ஆகிவிட்டதே என்று சோதனைகளை மறுபடி ஓடவிட்டேன். `Re-run all jobs` என்ற பொத்தான். மறுபடியும் பச்சை. அடுத்த வரியில் `This branch has no conflicts with the base branch` என்றும் இருந்தது. வேறென்ன வேண்டும்? இணைத்தேன்.

செவ்வாய் இரவு ஆய்வகக் கணினி வழக்கம்போல் `main` கிளையை இறக்கித் தரவகம் முழுவதையும் எண்ணியது. புதன் காலை அட்டவணை வந்தது. உடன் எதிர்பார்த்த அளவில் இருந்தது. ஓடு கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. எண்களுக்குப் பின்னால் வரும் சில வடிவங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண்களைப் பார்த்து எனக்கு ஐயம் வரவில்லை, மகிழ்ச்சி வந்தது. என் கருதுகோள் நான் நினைத்ததைவிட வலுவானது என்று எண்ணினேன். முற்றிலும் பூச்சியமாக இருந்திருந்தால் ஒருவேளை விழித்திருப்பேன். எஞ்சிய அந்தச் சிலவே என்னை ஏமாற்றின. ஒரு வழக்கு அழியும்போது இப்படித்தான் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மனத்துக்குள் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். அட்டவணையை நெறியாளருக்கு அனுப்பினேன். ஒரு கருத்தரங்குக்கான சுருக்கத்தை அடுத்த திங்களுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதிலும் இதைச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை, எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த வங்காள மாணவி ஒருவர் என் மேசைக்கு வந்தார். `README` கோப்பில் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார். அதற்கு அவருடைய புல் ரிக்வெஸ்ட் சிவப்புக் காட்டுகிறது. "தீதி, நான் நிரலைத் தொடவே இல்லை. மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். உங்கள் பெயரில் உள்ள சோதனைதான் தோற்கிறது" என்றார். குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி. ஏதோ உடைத்துவிட்டோம் என்று முந்தைய நாள் முழுதும் தம் கணினியில் பைத்தானை நீக்கி நீக்கி நிறுவியிருக்கிறார்.

திரையில் `test_odu` என்றிருந்தது. என் வயிறு கலங்கியது அப்போதுதான்.

முதலில் செய்ய வேண்டியது எந்தக் கமிட்டில் பழுது நுழைந்தது என்று காண்பது. `git bisect` கொண்டு பார்த்தோம். அது காட்டியது என் கமிட்டையும் அன்று, தோழரின் கமிட்டையும் அன்று. இரண்டையும் இணைத்த இணைப்புக் கமிட்டைக் காட்டியது. அதில் எவரும் ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தியபோது தானாக உண்டானது. அதன் இரு பெற்றோரையும் தனித்தனியே சோதித்தோம். இங்கே `M` என்பது அந்த இணைப்புக் கமிட்டின் அடையாள எண்.

```
git checkout M^1 && pytest
git checkout M^2 && pytest
git checkout M && pytest
```

முதலாவது, தோழரின் மாற்றத்தோடு கூடிய `main`. அதில் என் சோதனை இல்லை, எல்லாம் தேறியது. இரண்டாவது, என் கிளை. அதில் பழைய `clean`, எல்லாம் தேறியது. மூன்றாவது தோற்றது. 'நண்பனோடு' என்ற சொல் `clean` வழியாகச் சென்றபோது ஓகாரக் குறி இரண்டாகப் பிரிந்தது. நான் ஒப்பிட்ட ஈறோ ஒற்றைக் குறியீட்டில் தொடங்கியது. ஆகவே எந்தச் சொல்லும் அந்த ஈற்றில் முடியவில்லை. உடன் என்பது உகரக் குறியில் தொடங்குகிறது. உகரக் குறி பிரிவதில்லை. அதனால் அந்த எண் அசையவில்லை. தனி உயிரான ஓ என்பதும் பிரிவதில்லை. எஞ்சிய அந்தச் சில வடிவங்களின் கதை அதுதான். என் மனத்தில் எழுதிய பத்தியில் சொல்லியிருந்த மொழிமாற்றம் எதுவும் நிகழவில்லை.

கிட் ஏன் முரண்பாடு என்று சொல்லவில்லை என்பதுதான் மாணவியின் முதற் கேள்வி. கிட் இணைக்கும்போது மூன்று நிலைகளைப் பார்க்கிறது: இரு கிளைகளும் பிரிந்த இடம், ஒரு கிளையின் நுனி, மற்றதன் நுனி. ஓரிடம் ஒரு பக்கத்தில் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் அதே வரிகளை வெவ்வேறாக மாற்றியிருந்தால் மட்டுமே நம்மை அழைக்கிறது. நாங்கள் இருவரும் தொட்டவை வேறு வேறு கோப்புகள். வரிகள் மோதவில்லை. மோதியது ஓர் எதிர்பார்ப்பு: `clean` சேர்த்த வடிவத்தைத் தரும் என்று என் வரி நம்பியிருந்தது, அந்த நம்பிக்கை எந்த வரியிலும் எழுதப்படவில்லை.

மொழியியலாருக்கு இதை விளக்குவது எளிது. இருவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்பத்தி கால்டுவெல்லைப் பற்றியது. நான் அதன் முடிவில் 'அவருடைய நூல் 1856-இல் வெளிவந்தது' என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறேன். சரியான வாக்கியம். அதே நேரத்தில் தோழர் தம் படியில், பத்தியின் நடுவே எல்லிஸைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் சேர்க்கிறார். அவையும் சரியானவை. இரண்டையும் ஒட்டினால் எழுத்துகள் எங்கும் மோதவில்லை. ஆனால் 'அவருடைய' என்பது இப்போது எல்லிஸைச் சுட்டுகிறது. 1819-இலேயே இறந்துவிட்டவருக்கு 1856-இல் நூல் வந்துவிட்டது. ஒட்டுகிறவர் தொடரியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கிட் தொடரியலைக் கூடப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது வரிகள்தாம்.

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது. திங்களன்று நான் மறுபடி ஓடவிட்டபோது ஏன் பச்சை? அப்போது தோழரின் மாற்றம் `main` கிளையில் இருந்ததே?

கிட்ஹப்பில் `pull_request` நிகழ்வால் தூண்டப்படும் சோதனை, நம் கிளையை மட்டும் சோதிப்பதில்லை. நம் கிளையையும் அடிக்கிளையையும் தற்காலிகமாக இணைத்து, `refs/pull/எண்/merge` என்ற பெயரில் ஒரு கமிட்டை உண்டாக்கி, அதைச் சோதிக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இணைப்பில் உள்ள அடிக்கிளை, சோதனை தூண்டப்பட்ட நேரத்து அடிக்கிளை. புல் ரிக்வெஸ்டைத் திறக்கும்போதும், மீண்டும் திறக்கும்போதும், நம் கிளையில் புதிய கமிட் சேர்க்கும்போதும் சோதனை தானாக ஓடும். அடிக்கிளை நகர்ந்தால் ஓடாது. அப்போது நம் கிளையில் ஒன்றும் மாறவில்லை. பச்சைக் குறி நம் கிளையின் கடைசிக் கமிட்டோடு ஒட்டப்பட்டிருப்பதால் அது அப்படியே நிற்கும்.

மறுபடி ஓடவிடும் பொத்தானும் இதைத் தீர்ப்பதில்லை. அது முதல் ஓட்டத்தின் அதே கமிட்டையே எடுத்து ஓட்டுகிறது. வியாழக்கிழமை இணைப்பைத்தான் திங்களன்று இரண்டாம் முறை சோதித்தேன். வலையமைப்புக் கோளாறால் தோற்ற சோதனையை மறுபடி பார்க்க அந்தப் பொத்தான் உதவும்; அடிக்கிளை மாறியதைக் காண உதவாது. மாணவி மூன்று முறை ஓடவிட்டும் சிவப்பே வந்ததற்கும் இதுவே காரணம். அவருடையது பழுதுபட்ட `main` மீது நின்ற இணைப்பு.

எந்த அடிக்கிளையோடு சோதித்தது என்பதை அறிய வழி இருக்கிறது. நான் அதுவரை பார்த்ததில்லை. சோதனைப் பதிவில் `actions/checkout` படியை விரித்தால், `HEAD is now at` என்று தொடங்கும் வரியில் `Merge ... into ...` என்று இரு அடையாள எண்கள் இருக்கும். முன்னது நம் கமிட். பின்னது அடிக்கிளையின் கமிட். என் இரு ஓட்டங்களிலும் பின்னது ஒன்றாகவே இருந்தது: வியாழக்கிழமை `main`.

அந்தப் பக்கத்தின் அமைப்பிலேயே ஒரு பொறி இருப்பதாக எனக்குப் படுகிறது. முரண்பாடு இல்லை என்ற வரியைக் கிட்ஹப் அடிக்கிளை நகரும்போது புதிதாகக் கணக்கிடுகிறது. சோதனைகள் தேறின என்ற வரி பழைய நாளுக்கு உரியது. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே பச்சையில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வேறு நாளுக்குரிய இரு சான்றுகளை ஒரே சான்றாகப் படித்துவிட்டேன். (`push` நிகழ்வில் மட்டும் சோதனை வைத்திருக்கும் ஆய்வகங்களின் நிலை இன்னும் மோசம், அங்கே கிளை தனியாகச் சோதிக்கப்படுகிறது, அடிக்கிளையோடு சேர்த்து ஒருபோதும் இல்லை.)

எங்கள் பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. கணக்கில் கிடைக்கும் நிமிடங்களைச் சேமிக்க வேண்டி, சோதனையைப் புல் ரிக்வெஸ்டுக்கு மட்டும் வைத்திருந்தோம். இணைந்த பிறகு `main` மீது எதுவும் ஓடவில்லை. ஓடியிருந்தால் திங்கள் மதியமே சிவப்பு விழுந்திருக்கும். செவ்வாய் இரவு எண்ணிக்கை நடந்திருக்காது. இப்போது அந்த இடத்தில் இரண்டு வரி கூடியிருக்கிறது:

```yaml
on:
  pull_request:
  push:
    branches: [main]
```

இது பழுதைத் தடுப்பதில்லை. சீக்கிரம் சொல்லிவிடும், அவ்வளவே. தடுக்க வேண்டுமானால், `main` ஆகப் போகும் கமிட்டையே முன்கூட்டிச் சோதிக்க வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் 2014-இல் இதை ஒரு விதியாக எழுதினார். ரஸ்ட் திட்டத்தில் `bors` என்ற நிரல் அதைச் செய்தது. மாற்றத்தை அன்றைய அடிக்கிளையோடு இணைத்து, அந்த இணைப்பைச் சோதித்து, தேறினால் அடிக்கிளையை அதே கமிட்டுக்கு நகர்த்துவது. சோதித்ததும் சேர்வதும் ஒன்றே என்பதால் இடையில் எதுவும் நுழைய இடமில்லை.

கிட்ஹப்பில் இதற்கு இரு வழிகள். ஒன்று, `Require branches to be up to date before merging` என்ற அமைப்பு. அதை இயக்கினால், அடிக்கிளையின் எல்லாக் கமிட்டுகளும் நம் கிளைக்குள் வந்திருந்தாலன்றி இணைக்க முடியாது. `Update branch` பொத்தானை அழுத்த வேண்டும். அது நம் கிளையில் புதிய கமிட்டை உண்டாக்குவதால் சோதனை தானாக மறுபடி ஓடும். அடிக்கிளை முழுவதும் நம்முள் இருப்பதால், இணைத்தபின் வரும் கோப்புகள் இப்போது சோதித்த கோப்புகளேதாம்.

இதன் விலை காத்திருப்பு. ஆறு புல் ரிக்வெஸ்டுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், ஒன்று இணைந்ததும் மற்ற ஐந்தும் பழையவை ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் எல்லாரும் புதுப்பித்தால் ஆறு, ஐந்து, நான்கு என்று மொத்தம் 21 ஓட்டங்கள். ஒரு சோதனை 25 நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இணைக்கப்போகிறவர் மட்டும் புதுப்பித்தால் 11 ஓட்டங்களில் முடியும். ஆனால் யார் முதலில் என்று பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் நால்வர், வாரத்துக்கு இரண்டு மூன்று இணைப்புகள், பேசிக்கொள்ளலாம். இருபது பேர் நாள்தோறும் இணைக்கும் இடத்தில் இது தாங்காது. அங்கே இரண்டாவது வழியான இணைப்பு வரிசை தேவைப்படும். 2023 ஜூலையில் அது எல்லாருக்கும் உரிய வசதியாக வந்தது. வரிசையில் நிற்பவற்றை முன்னால் நிற்பவற்றோடும் அடிக்கிளையோடும் சேர்த்துத் தானே சோதித்து, தேறியவற்றை உள்ளே விடும். சோதனைக் கோப்பில் `merge_group` என்ற நிகழ்வையும் சேர்க்க வேண்டும் என்பதை மறந்துவிட்டால் வரிசை முடிவு வராமல் நின்றுகொண்டே இருக்கும். தனிக் களஞ்சியங்களுக்கு அது எண்டர்பிரைஸ் கிளவுட் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால் எங்களுக்கு வாய்க்கவில்லை.

அமைப்பை மாற்ற உரிமை இல்லாதவர்கள் தம் கணினியிலேயே செய்து பார்க்கலாம். `my-branch` என்ற இடத்தில் உங்கள் கிளைப் பெயர்.

```
git fetch origin
git log --oneline my-branch..origin/main
git switch --detach origin/main
git merge --no-ff my-branch
pytest
```

இரண்டாம் வரி, நம் கிளைக்குத் தெரியாமல் `main` எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டும். அன்றைக்கு நான் அதை மட்டும் அடித்திருந்தால்கூடத் தோழரின் கமிட்டுச் செய்தி கண்ணில் பட்டிருக்கும். அதில் `NFD` என்ற சொல் இருந்தது.

இனி பழுதைத் திருத்தியது. தோழர் உடனே ஒரு வழி சொன்னார்: ஈற்றையும் `clean` வழியாகச் செலுத்திவிட்டால் போதுமே, இரண்டும் பிரிந்த வடிவத்தில் ஒப்பிடப்படும். செய்தோம். `test_odu` தேறியது. எல்லாம் பச்சை. இணைக்கலாம் என்று அவர் சொன்னார். எனக்கு அந்த வாரத்தில் பச்சையின் மேலிருந்த நம்பிக்கை போயிருந்ததால், எண்ணிக்கையை மறுபடி ஓட்டி, ஒவ்வோர் உருபுக்கும் கிடைத்த சொற்களில் கொஞ்சத்தைக் கண்ணால் படித்தேன். ஆல் உருபின் பட்டியலில் 'போல்' இருந்தது. 'கோல்' இருந்தது.

பிரித்த வடிவத்தில் 'போல்' என்பது ப, ஏகாரக் குறி, ஆகாரக் குறி, ல, புள்ளி. அதன் கடைசி மூன்று குறியீடுகள் ஆகாரக் குறி, ல, புள்ளி. 'கல்லால்' என்பதன் கடைசி மூன்றும் அவையே. ஓகாரத்தின் வலப்பாதியை நிரல் ஆகாரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை தோழர் மாற்றிய கணத்திலிருந்தே `main` கிளையில் இந்தப் பழுது இருந்திருக்கிறது. என் கிளை வந்து இணையாமலே இருந்தது. எந்தச் சோதனையும் இதைப் பிடிக்கவில்லை. எங்கள் சோதனைகளில் பெரும்பகுதி இந்திச் சொற்கள். இந்தியின் ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடு, பிரிவதே இல்லை. தமிழ்ச் சோதனைகளில் 'போல்' போன்ற ஒரு சொல்லை நான் எழுதியிருக்கவில்லை. வங்காளத்தின் ஓகாரக் குறியும் தமிழ் போலவே பிரியும் என்பதை மாணவி அன்றுதான் பார்த்துச் சொன்னார். அவர் எண்ணியிருந்தவற்றையும் மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

ஆக, அடிக்கிளையோடு சேர்த்துச் சோதிப்பது நாம் எழுதிவைத்த சோதனைகளை மட்டுமே ஓட்டும். கடுமையான அமைப்பை முன்பே இயக்கியிருந்தால் என் ஓடு பிழைத்திருக்கும், ஆல் தவறிப்போயிருக்கும்.

முடிவில் `clean` மறுபடி `NFC` ஆயிற்று. தோழரின் எழுத்துணரி வேலைக்கு `split_signs` என்று தனிச் சார்பு எழுதினோம். 'போல்' என்பது ஆல் உருபு ஏற்றதன்று என்று ஒரு சோதனை சேர்த்தேன். என்னிடம் அவர் வருத்தம் தெரிவித்தார். நான் அவரிடம் தெரிவித்தேன். உண்மையில் எவர் எவரிடம் தெரிவிப்பது என்று இருவருக்குமே விளங்கவில்லை.

புதிய அட்டவணை ஞாயிறு இரவு வந்தது. ஓடு இருந்தது, நன்றாகவே இருந்தது. உடன் அதைவிட மிகுதி என்பது நின்றது; ஆனால் அழிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல அந்த எண்களில் இடமில்லை. நெறியாளருக்கு எழுதிய கடிதத்தில் முந்தைய அட்டவணையைப் புறக்கணிக்குமாறு கேட்டு, காரணத்தை மூன்று வரியில் சொன்னேன். 'முதல் அட்டவணை எனக்கும் பிடித்திருந்தது' என்று மட்டும் பதில் வந்தது. சுருக்கத்தை ஒரு பத்தி குறைத்து, திங்கள் மாலை அனுப்பினேன்.

மாணவியின் `README` திருத்தம் எட்டு நாள் காத்திருந்தது. செவ்வாயன்று அவர் `Update branch` அழுத்தினார். சோதனை ஓடி முடியும்வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை விழுந்ததும் அவர் பதிவை விரித்து, `into` என்பதற்குப் பின்னுள்ள அடையாள எண்ணை `main` கிளையின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, அதன்பின்தான் இணைத்தார்.